மணிக்கு எவ்வளவு, தம்பி?

ஆட்டோக்காரரிடம் கேளுங்கள், ‘இன்னிக்கு எவ்வளவு நின்னுச்சு?’ என்று. கேஸுக்கு இவ்வளவு, வாடகைக்கு இவ்வளவு, மிச்சம் இவ்வளவு என்று விரல் மடக்கிச் சொல்லிவிடுவார். இதே கேள்வியை உங்கள் வீட்டுக்குப் பிரியாணி கொண்டுவருகிற பையனிடம் கேட்டுப்பாருங்கள். போனை எடுப்பார், திரையைக் காட்டுவார். அதில் பெரிய எழுத்தில் ஒரு தொகை இருக்கும். ‘இதாண்ணே இன்னிக்கு!’

அந்தத் தொகை வருமானம் இல்லை, வரவு. இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் தூரத்தை அளப்பதற்காகத்தான் நான் பி.காம். படித்தேன் என்று வீட்டில் இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கிறார்கள். அந்த நம்பிக்கையைக் கொஞ்சமாவது காப்பாற்றலாமே என்று ஒரு தம்பியைப் பிடித்து உட்காரவைத்துக் கணக்குப் போட்டேன். அதைத்தான் இந்த வாரம் உங்களுக்குச் சொல்லப்போகிறேன்.

தம்பிக்கு வயது இருபத்தேழு. விழுப்புரம் பக்கம். ஆலந்தூரில் மூன்று பேரோடு சேர்ந்து ஒரு ரூம். கே.கே.நகர், அசோக் நகர், வடபழனி, இதுதான் அவருடைய ஏரியா. பெயரும் வேண்டாம், கம்பெனியும் வேண்டாம். கணக்குக்கு இரண்டுமே தேவையில்லை.

எங்களுக்குள் இந்தப் பேச்சு வந்ததற்கு ஒரு காரணம் இருந்தது. ஆலந்தூரிலேயே, ரூமிலிருந்து நடந்துபோகிற தூரத்தில், மொத்த மருந்து வியாபாரம் செய்பவர் ஒருவர் இவரை வேலைக்குக் கூப்பிட்டிருந்தார். ஒன்பது மணி நேர வேலை, மாதம் 26 நாள், பதினைந்தாயிரம் சம்பளம்.

‘‘எப்பிடிண்ணே போறது? நான் இங்க நாளைக்குத் தொள்ளாயிரம் பாக்குறேன். இருபத்தாறு நாளுக்கு இருபத்து மூவாயிரத்து நானூறு. பதினஞ்சாயிரத்துக்குப் போனா எங்கம்மாவே சிரிக்கும்!’’

‘‘பெட்ரோல்?’’

‘‘அது போனாலும் நாளைக்கு எழுநூறு நிக்கும்ணே.’’

நிற்கிறதா என்று பார்க்கலாம் என்றேன். ஒரு வாரம் மூன்றே மூன்று விஷயங்களை எழுதிவைக்கச் சொன்னேன். ரூமை விட்டுக் கிளம்பும்போது வண்டி மீட்டரில் என்ன கிலோமீட்டர், திரும்பி வந்து ஸ்டாண்டு போடும்போது என்ன கிலோமீட்டர், கிளம்பின நேரமும் வந்து சேர்ந்த நேரமும். இதோடு ஒரே ஒரு நாளைக்கு மட்டும், ஒவ்வொரு ஆர்டருக்கும் ஓட்டலுக்குப் போய்ச் சேர்ந்த நேரம், பொட்டலம் கைக்கு வந்த நேரம், வீட்டு வாசலுக்குப் போன நேரம், கொடுத்துவிட்டுக் கிளம்பின நேரம்.

தம்பி கெட்டிக்காரர். புதன்கிழமை அத்தனையும் போனில் குறித்துக்கொண்டு வந்துவிட்டார். சனி, ஞாயிறு மாதிரிக் கூட்டமும் இல்லை, மழையும் இல்லை. ஒரு சாதாரண நாள். நமக்கு வேண்டியதும் அதுதான்.

முதலில் வரவு. காலை 11-லிருந்து மூன்றரை வரை, சாயந்திரம் ஆறரையிலிருந்து இரவு 11 வரை, ஆக ஒன்பது மணி நேரம் ஆப்பில் ‘ஆன்’. மொத்தம் 16 ஆர்டர். ஆர்டர் கூலி 680 ரூபாய். பதினாறு முடித்ததற்கு இன்சென்டிவ் 190. டிப்ஸ் 30. கூட்டினால் சரியாக 900. தம்பி சொன்னது பொய்யில்லை. ஒன்பதால் வகுத்தால் மணிக்கு நூறு ரூபாய்.

இந்த நூறும் ஏதோ அபூர்வமான எண் இல்லை. 2026 ஜனவரியில் சொமாட்டோவின் நிறுவனர் தீபிந்தர் கோயல் பொதுவெளியில் ஒரு கணக்குச் சொன்னார். 2025-ல் அவர்களிடம் டெலிவரி செய்பவர்களின் சராசரி, டிப்ஸ் நீங்கலாக மணிக்கு 102 ரூபாய். தினம் பத்து மணி நேரம், மாதம் 26 நாள் என்றால் சுமார் 26,500. பெட்ரோலுக்கும் பராமரிப்புக்கும் சுமார் 20 சதவீதம் கழித்தால் கையில் 21,000 என்றார். நம் தம்பி வேறெங்கோ ஓட்டினாலும் டிப்ஸ் நீங்கலாக மணிக்கு 97 வருகிறது. கிட்டத்தட்ட அதே ஊர், அதே தெரு.

அதனால் மேலே இருக்கும் எண்ணோடு எனக்குச் சண்டையில்லை. கீழே கழிக்கிற எண்ணையும், வகுக்கிற எண்ணையும்தான் கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டும்.

முதலில் கிலோமீட்டர். அன்றைக்கு ஆப் கணக்கில் எத்தனை கிலோமீட்டர் என்றேன். தம்பி ஆர்டர் ஆர்டராகத் திறந்து கூட்டினார். ஓட்டலுக்குப் போனது 19, ஓட்டலிலிருந்து வீடுகளுக்குப் போனது 55. ஆக 74. வண்டி மீட்டர் என்ன சொல்கிறது? 106.

மிச்சம் 32 கிலோமீட்டர் எங்கே போனது?

எங்கும் போகவில்லை, திரும்பி வந்தது. ஆலந்தூரிலிருந்து ஏரியாவுக்குப் போக ஆறு, ராத்திரி வர ஆறு, ஆகப் பன்னிரண்டு. மிச்சம் இருபதும் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு, ஓட்டல்கள் இருக்கும் பக்கமாகக் காலி வண்டியோடு திரும்பின தூரம். சாலிகிராமத்தின் உள் தெருவில் நின்றால் அடுத்த ஆர்டர் வராது. பிரியாணிக் கடைகள் இருக்கும் மெயின் ரோட்டுக்கு வந்தால்தான் போனில் மணி அடிக்கும். அதனால் வருகிறார். வரச்சொல்லி யாரும் கட்டாயப்படுத்தவில்லை, அதனால் காசும் இல்லை. ஆனால் வண்டிக்கு இது தெரியுமா? ஆர்டரோடு போனாலும், சும்மா வந்தாலும் அது ஒரே மாதிரிதான் குடிக்கிறது.

அடுத்து மைலேஜ். ‘‘அறுவது குடுக்கும்ணே’’ என்றார் தம்பி. இது வண்டி வாங்கின அன்று ஷோரூமில் சொன்னது. ஐந்து நிமிடத்துக்கு ஒரு சிக்னல், ஓட்டல் வாசலில் ஆஃப், மறுபடி ஸ்டார்ட் என்று ஓடுகிற வண்டிக்கு அந்தக் கணக்கு உதவாது. இதைக் கண்டுபிடிக்க நல்ல பழைய வழி ஒன்று இருக்கிறது. டேங்கை விளிம்புவரை நிரப்புங்கள், மீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு நாள் வழக்கம்போல ஓட்டுங்கள். அதே பங்க்கில் மறுபடி விளிம்புவரை நிரப்புங்கள். இரண்டாவது தடவை போட்ட லிட்டரால் ஓடின தூரத்தை வகுங்கள். ‘நூறு ரூபாய்க்குப் போடுங்க’ என்று தினமும் போடுகிறவர்களுக்கு இது ஒருநாளும் தெரியவராது. தம்பி செய்துபார்த்தார். 240 கிலோமீட்டர், ஐந்து லிட்டர். அதாவது 48.

சென்னையில் லிட்டர் 101 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஒரு கிலோமீட்டருக்கு இரண்டு ரூபாய் பத்துக் காசு. 106 கிலோமீட்டருக்கு 223 ரூபாய். 900-ல் கழித்தால் 677. தம்பி சொன்ன ‘எழுநூறு நிக்கும்’ இதுதான். பெரும்பாலான பையன்கள் கணக்கை இந்த இடத்தில் நிறுத்திவிடுகிறார்கள். ஏனென்றால் இதுவரைக்கும்தான் அன்றன்றைக்குக் கையிலிருந்து காசு போகிறது.

மிச்சச் செலவெல்லாம் நல்லபாம்பு மாதிரி. இருக்கும், ஆனால் தினமும் கண்ணில் படாது.

மூவாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு தடவை ஆயில் மாற்றி சர்வீஸ் செய்ய வேண்டும். தம்பியின் மெக்கானிக் 1,050 ரூபாய் வாங்குகிறார். கிலோமீட்டருக்கு 35 காசு. உங்களுக்கும் எனக்கும் மூவாயிரம் கிலோமீட்டர் என்பது நான்கைந்து மாதம். தம்பிக்கு ஒரு மாதம்தான். முன்னும் பின்னும் டயர் 3,600 ரூபாய், 24,000 கிலோமீட்டர் தாங்குகிறது. அது 15 காசு. செயின், பிரேக் ஷூ, கிளட்ச், கேபிள், பஞ்சர் எல்லாம் சேர்த்து இருபதாயிரம் கிலோமீட்டருக்கு ஐயாயிரம். அது 25 காசு. ஆக 75 காசு.

அப்புறம் தேய்மானம். காலேஜில் இந்தப் பாடம் நடத்தும்போது பாதி வகுப்பு தூங்கும். ‘பணமே கொடுக்காத செலவுக்கு எதுக்கு சார் கணக்கு?’ என்று மிச்சப் பாதி கேட்கும். தம்பியும் அதையேதான் கேட்டார்.

‘‘வண்டி எவ்வளவுக்கு வாங்கினே?’’

‘‘ஆன்ரோடு எம்பத்தாறாயிரம்ணே.’’

‘‘இந்த ஓட்டம் ஓட்டினா ஒரு லட்சத்துப் பத்தாயிரம் கிலோமீட்டர்ல என்ன வெலைக்குப் போகும்?’’

சிரித்தார். ‘‘இருவதாயிரம் குடுத்தா அவன் காலத் தொட்டுக் கும்புடுவேன்.’’

அவ்வளவுதான் பாடம். 66,000 ரூபாய் 1,10,000 கிலோமீட்டரில் கரைகிறது. கிலோமீட்டருக்கு 60 காசு. இவர் ஓட்டத்துக்கு மூன்று வருடம் நான்கு மாதத்தில் அந்த மீட்டர் வந்துவிடும். அன்றைக்கு அடுத்த வண்டிக்கு முன்பணம் வேண்டும். அந்தப் பணம் எங்கிருந்து வரும்? இன்றைக்கு ‘நின்ற’ 677-லிருந்துதான் வந்திருக்க வேண்டும். எடுத்துவைக்காவிட்டால், வண்டியைத் துண்டு துண்டாக விற்று மதியச் சாப்பாடு சாப்பிடுகிறார் என்று அர்த்தம்.

75-ம் 60-ம் சேர்த்தால் பெட்ரோல் தவிர்த்துக் கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய் 35 காசு. 106 கிலோமீட்டருக்கு 143 ரூபாய்.

கடைசியாக, ஓடினாலும் ஓடாவிட்டாலும் போகிற செலவு. வண்டி இன்சூரன்ஸ் வருடம் 1,800. போன் ரீசார்ஜ் 28 நாளைக்கு 350 வீதம் வருடத்துக்குப் பதின்மூன்று தடவை, 4,550. பன்னிரண்டாயிரம் ரூபாய் போன் வெயிலிலும் மழையிலும் இரண்டு வருடம்தான் உழைக்கிறது. அதில் பாதி சொந்த உபயோகம் என்று தள்ளிவிட்டு வருடத்துக்கு 3,000. மூன்றையும் 312 வேலை நாளால் வகுத்தால் நாளைக்கு 30 ரூபாய்.

இப்போது கழிக்கலாம். 900-ல் பெட்ரோல் 223, வண்டி 143, நிலையான செலவு 30. மொத்தச் செலவு 396. மிச்சம் 504.

கோயல் சொன்ன 20 சதவீதத்துக்கும் இதற்கும் ஏன் இவ்வளவு வித்தியாசம்? தம்பியின் பெட்ரோலும் பராமரிப்பும் மட்டும் சேர்த்தாலே 302 ரூபாய், அதாவது மூன்றில் ஒரு பங்கு. ஊருக்கு ஊர், ஏரியாவுக்கு ஏரியா தூரம் மாறும். ஓட்டலுக்குப் பக்கத்திலேயே வீடுகள் இருக்கும் இடத்தில் ஓட்டுகிறவருக்கு 20 சதவீதம் பொருந்தக்கூடும். ஆறு கிலோமீட்டர் தள்ளி வாடகை குறைவான ரூமில் இருந்துகொண்டு ஓட்டுகிறவருக்குப் பொருந்தாது. சராசரிக்குள் இரண்டு பேரும் இருக்கிறார்கள். டேங்க்கில் தனித்தனியாகத்தான் இருக்கிறார்கள்.

கழித்தாயிற்று. இனி வகுக்க வேண்டும்.

ஒன்பது மணி நேரம்தானே என்பீர்கள். ரூமிலிருந்து ஏரியாவுக்குப் போக இருபது நிமிடம், வர இருபது நிமிடம். இது எல்லா வேலையிலும் இருப்பதுதான். ஆனால் பக்கத்திலேயே இருக்கும் மருந்துக் கம்பெனியோடு ஒப்பிடப்போகிறோம் என்பதால் இங்கே சேர்த்தாக வேண்டும். மதியம் மூன்றரையிலிருந்து ஆறரை வரை ஒரு நண்பரின் ரூமில் படுத்திருந்தார். அதை நான் சேர்க்கவில்லை. சேர்க்கலாம் என்று வாதாடுவதற்கும் இடம் இருக்கிறது. நான் கொஞ்சம் கஞ்சமாகவே கணக்குப் போடுகிறேன். ஆக ஒன்பது மணி நாற்பது நிமிடம்.

504-ஐ அதால் வகுத்தால் மணிக்கு 52 ரூபாய். திரையில் தெரிந்தது நூறு!

அந்த ஒன்பது மணி நேரத்துக்குள் என்ன நடந்தது என்று பார்த்தால் இன்னும் சுவாரசியம். தம்பி குறித்துவந்த நேரங்களை வகை பிரித்தேன். ஆர்டர் ஏற்றபின் ஓட்டலுக்குப் போனது 64 நிமிடம். ஓட்டலில் நின்றது 128 நிமிடம். வீட்டுக்கு ஓட்டினது 192 நிமிடம். வாசலில் போன் அடித்து, லிஃப்ட் ஏறி, கொடுத்தது 48 நிமிடம். இதெல்லாம் சேர்ந்து ஏழு மணி பன்னிரண்டு நிமிடம். மிச்சம் ஒரு மணி நாற்பத்தெட்டு நிமிடம், காலி வண்டியோடு திரும்பினதும் மணி அடிக்கக் காத்திருந்ததும்.

ஓட்டலில் நின்ற நேரத்தைக் கவனியுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு மேல். ஓர் ஆர்டருக்கு எட்டே நிமிடம்தான், பெரிதாகத் தெரியாது. பதினாறு எட்டு நூற்றிருபத்தெட்டு என்னும்போதுதான் உறைக்கிறது. ஆர்டர் வருகிற ரேட்டில், அந்த இரண்டு மணி நேரத்தில் இன்னும் மூன்று நான்கு முடித்திருக்கலாம்.

காஸ்ட் அக்கவுண்டிங்கில் ‘ஐடில் டைம்’ என்று ஒரு தலைப்பு உண்டு. மெஷின் நின்றது, கரண்ட் போனது, சரக்கு வரவில்லை, தொழிலாளி சும்மா உட்கார்ந்திருக்கிறார். அந்தக் கூலியை எங்கே எழுதுவது? வழக்கமான காத்திருப்பு என்றால் உற்பத்திச் செலவில் எழுது, எதிர்பாராதது என்றால் லாப நஷ்டக் கணக்கில் எழுது என்று சொல்லிக்கொடுத்தார்கள். எங்கே எழுதினாலும் முதலாளியின் புத்தகத்தில்தான் எழுத வேண்டும். அவர் புத்தகத்தில் இருப்பதால்தான் அதைக் குறைக்க அவருக்கு அக்கறை வரும். பீஸ் ரேட்டில் அந்தப் பக்கமே கிழிந்துவிடுகிறது. சமையற்கட்டு தாமதமானால் ஓட்டலுக்கு நஷ்டமில்லை, ஆப்புக்கு நஷ்டமில்லை. வாசலில் நிற்கும் ஆள் இலவசம். இலவசமாகக் கிடைப்பதை யார் சிக்கனமாகச் செலவழிப்பார்கள், சொல்லுங்கள்?

இதை மாற்றவே முடியாது என்றில்லை. நியூயார்க் நகரம் மாற்றியிருக்கிறது. 2023 டிசம்பரில் உணவு டெலிவரி ஆப்களுக்கு அங்கே குறைந்தபட்சக் கூலி வந்தது. மணிக்கு 17.96 டாலரில் ஆரம்பித்து 2025 ஏப்ரலில் 21.44 டாலர் ஆனது. டிப்ஸ் தனி. அங்கே கணக்கில் எடுப்பது ஆர்டரோடு ஓடும் நேரத்தை மட்டுமல்ல, ஆப்பை ‘ஆன்’ செய்து காத்திருக்கும் நேரத்தையும். வண்டிச் செலவுக்கும் ஒரு பங்கு அதற்குள்ளேயே இருக்கிறது. நம் நாட்டில் 2025 நவம்பரில் அமலுக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, கிக் தொழிலாளர்களுக்கான நிதிக்கு ஆப் நிறுவனங்கள் பணம் கட்ட வேண்டும் என்கிறது. நல்லதுதான். ஆனால் ஓட்டல் வாசலில் நிற்கும் எட்டு நிமிடத்துக்கு அதில் விலை இல்லை.

இனி தம்பியே ஆச்சரியப்பட்ட ஒரு விஷயம்.

அந்தப் புதன்கிழமை அவருக்கு ரொம்பப் பிடித்த ஆர்டர் எது என்று கேட்டேன். ராத்திரி எட்டு மணிக்கு வடபழனியிலிருந்து போரூருக்கு ஒன்று, ஒரே ஆர்டருக்கு 75 ரூபாய். பிடிக்காதது? மதியம் பக்கத்துத் தெருவுக்கு ஒன்று, முப்பது ரூபாய். ‘‘முப்பது ரூவாக்கெல்லாம் வண்டிய எடுக்கணுமான்னு இருக்கும்ணே.’’

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். கிலோமீட்டருக்குப் பெட்ரோலும் வண்டியும் சேர்த்து 3 ரூபாய் 45 காசு என்பது ஏற்கெனவே நமக்குத் தெரியும்.

போரூர் ஆர்டர்: ஓட்டலுக்கு ஒரு கிலோமீட்டர், வீட்டுக்கு ஏழு, காலியாகத் திரும்பினது ஆறு. பதினான்கு கிலோமீட்டர், 48 ரூபாய் செலவு. மிச்சம் 27. ஓட்டலில் நின்றது, ஓடினது, கொடுத்தது, திரும்பினது எல்லாம் சேர்த்து 59 நிமிடம். அதாவது மணிக்கு 27 ரூபாய்.

பக்கத்துத் தெரு ஆர்டர்: ஓட்டலுக்கு அறுநூறு மீட்டர், வீட்டுக்கு ஒன்றே முக்கால் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல், திரும்ப ஒரு கிலோமீட்டர். மொத்தம் 3.4. செலவு 12 ரூபாய். மிச்சம் 18. எல்லாம் சேர்த்து 24 நிமிடம். அதாவது மணிக்கு 45 ரூபாய்!

முகம் சுளித்துக்கொண்டே எடுத்த முப்பது ரூபாய், சந்தோஷமாக எடுத்த எழுபத்தைந்தைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் சம்பாதித்திருக்கிறது. போதாததற்கு, இன்சென்டிவ் கணக்கில் இரண்டும் ‘ஒரு ஆர்டர்’தான். போரூர் போய்வருகிற நேரத்தில் பக்கத்துத் தெரு ஆர்டர் இரண்டு முடிந்துவிடும்.

இன்சென்டிவ் என்றதும் இன்னொன்று. தம்பிக்குப் பன்னிரண்டு முடித்தால் 90, பதினாறு முடித்தால் 190. அன்றைக்குப் பதினாறாவது ஆர்டர் விழுந்தது ராத்திரி பத்தே காலுக்கு. ஏதாவது ஓர் ஓட்டலில் கூடுதலாக இருபது நிமிடம் நிற்கவைத்து, பதினைந்தோடு நாள் முடிந்திருந்தால்? ஆர்டர் கூலியில் 42 போகும், இன்சென்டிவில் நூறு போகும். ஓடாத தூரத்துக்கு ஓர் இருபது ரூபாய் மிஞ்சும். நிகரமாக 122 நஷ்டம். 504 என்பது 382 ஆகி, மணிக்கு 52 என்பது 40-க்குக் கீழே வந்துவிடும். ராத்திரி பத்து மணிக்கு மேல் டெலிவரிப் பையன்கள் ஏன் சிக்னலை மதிக்காமல் பறக்கிறார்கள் என்று அடுத்த தடவை திட்டும்போது, அந்த ஒரு வண்டி எத்தனையாவது ஆர்டரில் இருக்கிறது என்று யோசித்துவிட்டுத் திட்டுங்கள். சிக்னல் தாண்டுவது தப்புதான். அந்தத் தப்புக்கு ஒரு விலைப்பட்டியல் இருக்கிறது என்பதையும் தெரிந்துகொண்டு திட்டலாமே என்றுதான் சொல்கிறேன்.

‘எலெக்ட்ரிக் வண்டிக்கு மாறினால் தீர்ந்தது’ என்று சிலர் சொல்வார்கள். மாறலாம். ஆனால் வாடகை எலெக்ட்ரிக் வண்டி எடுப்பதற்கு முன்னால் ஒரு பரீட்சை வைக்க வேண்டும். தம்பியின் சொந்த வண்டிக்கு நாளைக்கு 223-ம் 143-ம் சேர்த்து 366 ரூபாய் ஆகிறது. பேட்டரி மாற்றும் செலவோடு சேர்த்து வாடகை இதைவிடக் குறைவாக இருந்தால் லாபம். ஆனால் 366 என்பது ஓடினால் ஆகிற செலவு. வாடகை என்பது ஓடாவிட்டாலும் ஆகிற செலவு. காய்ச்சலில் நான்கு நாள் படுத்தால் பெட்ரோல் வண்டியும் கூடவே படுத்துக்கொள்ளும். வாடகை வண்டி மட்டும் விழித்திருந்து மீட்டர் ஓட்டும்.

சரி, பதினைந்தாயிரம் விஷயத்துக்கு வருவோம். 504 ரூபாய் வீதம் 26 நாளுக்கு 13,104. மருந்துக் கம்பெனி 15,000. ஒன்பது மணி நேரம், 26 நாள் என்றால் மணிக்கு 64 ரூபாய். அம்மா சிரிக்கும் என்று சொன்ன சம்பளம், ‘நாளைக்குத் தொள்ளாயிர’த்தைவிட மாதம் ஆயிரத்துத் தொள்ளாயிரம் ரூபாய் அதிகம்.

தம்பி அந்த பேப்பரை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: ‘‘அப்ப மிச்சம் பத்தாயிரம் நான்தான்ணே வண்டிக்குச் சம்பளம் குடுத்துட்டு இருக்கேனா?’’

ஆமாம். மாதம் 10,296. கம்பெனியில் அவர் தொழிலாளி. வண்டிக்கு அவர்தான் முதலாளி.

வாராவாரம் கையில் பணம் வருவது, அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்றால் யாரிடமும் கேட்காமல் ஊருக்குக் கிளம்புவது, இதற்கெல்லாம் நான் விலை போடவில்லை. அது தம்பி போடவேண்டிய விலை. மாதம் 1,900 ரூபாய்க்கு அது தகுமா என்று அவர் யோசிக்கலாம். முன்னால் அந்தக் கேள்வியே அவருக்குத் தெரியாமல் இருந்தது, அவ்வளவுதான்.

மீதி நாள்களையும் இதே மாதிரி போட்டுப்பார்த்தோம். சனிக்கிழமை மழை. ஆர்டருக்குக் கூடுதல் கூலி கிடைத்து, மணிக்கு 66 வரை போனது. திங்கட்கிழமை 43. அதனால் நீங்களோ, உங்களுக்குத் தெரிந்த ஒரு பையனோ இந்தக் கணக்கைப் போடுவதாக இருந்தால், ஒரு நாளை வைத்து முடிவு கட்டாதீர்கள். ஏழு நாள் மீட்டர், ஏழு நாள் கடிகாரம், வங்கிக்கு வந்த வாரப் பணம். இது போதும். போன வாரத்துப் பாக்கி ஏதாவது அந்தப் பணத்தில் ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துக் கழித்துவிடுங்கள். மீட்டர் ஓடாத வண்டியாக இருந்தால் முதலில் கேபிளை மாற்றுங்கள். அந்தச் செலவு ஒரே வாரத்தில் திரும்பி வந்துவிடும்.

நம் பங்குக்கு ஒன்று உண்டு. வாசலில் கொடுப்பதற்கு ஆன 48 நிமிடம் நம்முடையது. ‘தேர்டு ஃப்ளோர், மேல வாங்க’ என்று சொல்லிவிட்டு நாம் டி.வி.யை நிறுத்தி, சட்டை போட்டு, கதவைத் திறக்கிற நேரம் அது. வண்டி கேட்டுக்கு வரும்போது நாம் லிஃப்டில் இறங்கிக்கொண்டிருந்தால், அந்த மூன்று நிமிடம் ஒன்றாகும். பதினாறு வீட்டுக்காரர்களும் இறங்கினால் அரை மணி நேரத்துக்கு மேல் மிஞ்சும். பதினாறாவது ஆர்டர் பத்தே காலுக்குப் பதில் ஒன்பதே முக்காலுக்கே முடிந்துவிடும்.

தம்பி என்ன செய்தார் என்று கேட்பீர்கள். உடனே எதுவும் செய்யவில்லை. ராத்திரி ஒன்பதுக்கு மேல் போரூர் பக்கம் ஆர்டர் வந்தால் எடுப்பதில்லை என்று முதலில் முடிவெடுத்தார். பிறகு மருந்துக் கம்பெனிக்காரரிடம் போய் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: ‘‘சார், டெலிவரிக்கு வண்டி உங்களுதா, என்னுதா?’’

கம்பெனி வண்டிதான் என்றாராம் அவர். ஒன்றாம் தேதியிலிருந்து தம்பி அங்கே.